படியைப் படத்துக்குள்ளேயே எழுதுங்கள்

“எடுத்துக்காட்டுக் கணக்கைப் படிப்படியாகத்தான் போட்டுக் காட்டுகிறோம், அப்புறமும் பிள்ளைகள் ஏன் திணறுகிறார்கள்?” என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு.

மண்டபம் பக்கம் ஒரு பயிற்சி ஆசிரியரின் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாய்மரம் மாதிரி ஒரு முக்கோணம். A 50°, B 60°. BC-யை D வரை நீட்டி ∠ACD கேட்டிருந்தார். படம் மேலே, படிகள் கீழே. (சுற்றிலும் அலை, மீன் வேறு. அழகுதான், அழிக்கச் சொன்னேன்.)

பிள்ளை கீழே ∠ACB = 70° என்று படித்து, மேலே அந்தக் கோணத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் 70 எப்படி வந்தது என்பது நழுவிவிடுகிறது. யோசிக்கும்போது விஷயங்களை மனதில் பிடித்து வைத்திருக்கும் செயல்நினைவு ஒரே சமயத்தில் மூன்று நான்கு புது விஷயங்களைத்தான் தாங்கும். அதில் ஒரு பங்கைத் தேடலே தின்றுவிடுகிறது. கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் வகையறா ஆய்வாளர்கள் இதைப் பிளவுபட்ட கவனம் என்பார்கள். நோட்டில் விரல் மேலும் கீழும் அலைகிறதா பாருங்கள், தெரிந்துவிடும்.

மறுநாள் C-யின் உள்ளே “① 180−50−60=70”, வெளியே “② 180−70=110” என்று எழுதவைத்தேன். கீழே ஒரு வரிகூட இல்லை. அதையே மறுபடி கீழே எழுதினால் அதுவும் சுமைதான். அடுத்த கணக்கில் ②-ஐ மட்டும் காலியாக விட்டோம், அதற்கடுத்ததில் இரண்டையும். ஏற்கெனவே போடத் தெரிந்த பிள்ளைக்கு இந்த எடுத்துக்காட்டே இடைஞ்சல். அவர்களிடம் நேராகக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள்.