மியூவானைக் கையோடு கொண்டுபோகும் ஆல்ஃபா

எலக்ட்ரானின் கனமான உறவினனான மியூவான் என்ற துகளை வைத்து அணுக்கரு இணைவு நடத்துவது பற்றி யார் எழுதினாலும், "மியூவான் 2.2 மைக்ரோ நொடியில் சிதைந்துவிடுகிறது, அதனால்தான் இதில் மின்சாரம் எடுப்பது கைகூடவில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். பல வருடமாகப் படித்துப் படித்து எரிச்சலாகிவிட்டது. ஆயுள் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் அது இல்லை.

1956-ல் பெர்க்லியில் லூயிஸ் ஆல்வரெஸ் குழுவினர் துகள்களின் தடத்தைக் காட்டும் திரவ ஹைட்ரஜன் குமிழ் அறையில் எடுத்த படங்களில் ஒரு விசித்திரம் தெரிந்தது. மியூவானின் தடம் ஓரிடத்தில் நின்றுபோகிறது. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. அதைத் தாண்டி, மறுபடியும் ஒரு மியூவான் தடம், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 1.7 சென்டிமீட்டர் நீளத்தில். நின்றுபோன மியூவானுக்கு மறுபடியும் ஓட ஆற்றல் எங்கிருந்து வந்தது? ஒரு புரோட்டானும், கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தின் ஒரு கருவும் இணைந்த ஆற்றல்தான் அது. மைனஸ் 250 டிகிரியை ஒட்டிய குளிரில் இது நடந்தது. இயற்பியலாளர்கள் பிராங்கும் சகாரோவும் 1940-களிலேயே கணித்துச் சொன்ன விஷயம்தான், ஆனால் இந்தக் குழு அதைத் தேடிப் போகவில்லை.

குளிரில் எப்படி? மியூவான் என்பது எலக்ட்ரானைப் போல 207 மடங்கு கனமானது. கனம் கூடினால் சுற்றுப்பாதை அதே அளவுக்குச் சுருங்கும். அதனால் இரண்டு கருக்களுக்கு நடுவே எலக்ட்ரானுக்குப் பதில் மியூவான் வந்து உட்கார்ந்தால், அந்த மூலக்கூறும் சுமார் 200 மடங்கு சுருங்கிவிடுகிறது. சூரியனிலும் டோக்கமாக் என்ற இணைவு உலையிலும் சூடு எதற்கு? ஒன்றையொன்று விலக்கும் கருக்களை வேகத்தால் நெருங்க வைக்கத்தான். இங்கே அந்த நெருக்கம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. மிச்சத் தடையைக் குவாண்டம் ஊடுருவல் பார்த்துக்கொள்ளும். டியூட்டீரியமும் அதைவிடக் கனமான ஹைட்ரஜனான டிரிட்டியமும் என்றால் ஒரு பிகோ நொடி வாக்கில் இணைந்துவிடும்.

இணைவு முடிந்ததும் மியூவான் விடுபட்டு அடுத்த ஜோடியைத் தேடிப் போகும். அந்தத் தேடலும் வேகமாகத்தான் நடக்கிறது, ஒரு சுற்றுக்குச் சில நானோ நொடி. இங்கே ஒரு அதிர்ஷ்டம் உண்டு. மூலக்கூறு உருவாகும்போது வெளிவரும் சின்ன ஆற்றல், அது உட்கார்ந்திருக்கும் பெரிய மூலக்கூறின் அதிர்வுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. 1967-ல் இயற்பியலாளர் வெஸ்மன் இந்த ஒத்ததிர்வு வழியைச் சொன்னார்.

சரி, எங்கே உதைக்கிறது? இணைவில் ஒரு நியூட்ரானும் ஆல்ஃபா துகள் எனப்படும் ஒரு ஹீலியம் கருவும் பிறக்கின்றன. ஆல்ஃபா ஒளியின் வேகத்தில் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே பாய்கிறது. மியூவானுக்கு ஆல்ஃபாவைச் சுற்றிவர வேண்டிய வேகம் அதில் மூன்றில் ஒரு பங்கு. வேக வித்தியாசம் பெரிதாக இருப்பதால் பெரும்பாலும் மியூவான் பின்தங்கி விடுபட்டுவிடுகிறது. ஆனால் ஏறக்குறைய 100-ல் ஒரு முறை ஒட்டிக்கொண்டுவிடுகிறது, அப்புறம் அது அடுத்த இணைவுக்கு உதவாது. ஓடும் வழியில் மோதி உதிர்வதையும் கழித்தால் நிகரம் சுமார் 0.5 சதவீதம்.

0.5 சதவீதம்தானே என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். ஒரு சுற்றுக்கு 7 நானோ நொடி என்று வையுங்கள். அந்த நேரத்துக்குள் மியூவான் சிதையும் வாய்ப்பு 0.3 சதவீதம். ஒட்டுதலையும் சேர்த்தால் 0.8. அதாவது ஒரு மியூவான் 125 இணைவு வாக்கில் முடிந்துபோகும். 1980-களில் லாஸ் அலமோஸில் ஸ்டீவன் ஜோன்ஸ் குழு 150 வரை பார்த்தது. சிதைவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 200-க்கு மேல் போகாது. ஆயுளை மட்டும் குறை சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது செலவைப் பார்ப்போம். ஒவ்வொரு இணைவும் 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் தரும். 150 இணைவுக்கு 2,640. ஒரு மியூவான் செய்யவோ அதே அலகில் சுமார் 5,000 செலவாகும் என்பது வழக்கமான மதிப்பீடு. மியூவானின் சொந்த நிறைக்கு 106 போதும். ஆனால் முடுக்கியில் புரோட்டானை ஓட்டி, இலக்கில் மோதவிட்டு, பையான் என்ற துகள் பிறந்து, அது சிதைந்துதான் மியூவான் வருகிறது. எதிர்மின் பையான்களில் பல இலக்கிலேயே விழுங்கப்படுகின்றன. ஒவ்வொரு படியிலும் கசிவுதான். வெப்பத்தை மின்சாரமாக்கினால் அந்த 2,640-ல் ஆயிரம் தேறும். செலவில் ஐந்தில் ஒரு பங்கு.

ஒட்டிய மியூவானை எப்படியாவது முழுவதும் உதிர்த்துவிடலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒட்டுதல் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்வோம். சிதைவு மட்டும் மிச்சம், அப்போது 300 சொச்சம் இணைவு, 5,500 அளவு வெப்பம். மின்சாரமாக அது 2,200. முடுக்கி கேட்பதோ இன்னும் அதே 5,000.