பாக்கெட் மாவில் தோசை வரும், இட்லி வராது

ஆறு ஆண்டுகள் வாரம் தவறாமல் தேக்காவில் மாவு பாக்கெட் வாங்கியவள் நான். போன ஆண்டுதான் கிரைண்டர் வாங்கினேன். "வீவக வீட்டில் அதை எங்கே வைப்பது, யார் கழுவுவது, அலைச்சல் இல்லாமல் பாக்கெட் வாங்கலாமே" என்று தோழிகள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் காசுக் கணக்கை முடித்துவிடுகிறேன். நாலு பேர் உள்ள எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு பாக்கெட், ஏறக்குறைய 7 வெள்ளி. அதே இரண்டு கிலோ மாவுக்கு நாலு டம்ளர் இட்லி அரிசியும் ஒரு டம்ளர் முழு உளுந்தும் போதும். எனக்கு 3 வெள்ளி ஆகிறது. 150 வாட் மோட்டார் முக்கால் மணி நேரம் ஓடினாலும் மின்சாரம் சில காசுதான். ஆண்டுக்கு 200 வெள்ளி மிச்சம், கிரைண்டர் விலையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இதற்காக மட்டும் என்றால் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

என்னை மாற்றியது இட்லிதான். பாக்கெட் மாவில் ஊற்றிய இட்லி தட்டையாக, சற்றே பிசுபிசுப்பாக வரும். தட்டைக் குறை சொன்னேன், தீயைக் குறை சொன்னேன், கடையையும் மாற்றிப் பார்த்தேன். காரணம் வேறு. உளுந்து மாவு நுண்ணிய காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. புளிக்கும்போது உண்டாகும் வாயுவும் அதில் சேர்ந்துதான் மாவு பொங்குகிறது. இட்லியை உப்ப வைப்பது அந்தக் குமிழிகளே. பொங்கிய மாவைக் கிளறி, பையில் ஊற்றி, வண்டியில் ஏற்றி, நம் பாத்திரத்தில் மறுபடி கொட்டும்போது பாதிக் குமிழி போய்விடுகிறது. தோசைக்கு இது பெரிய குறையில்லை, எப்படியும் கல்லில் தேய்த்துப் பரப்பத்தானே போகிறோம். இட்லிக்கு இதுவே எல்லாம்.

இன்னொன்று, மாவின் வயது. குளிர்பெட்டி புளிப்பதைத் தாமதப்படுத்துமே தவிர, நிறுத்தாது. சனிக்கிழமை வாங்கும் பாக்கெட் ஏற்கெனவே புளித்தது. புதன்கிழமை அதைத் திறந்தால் மூக்கே சொல்லிவிடும். ஒருமுறை வாங்கி வந்த பை பந்துபோல் உப்பி, குளிர்பெட்டிக்குள்ளேயே பிரிந்து வழிந்தது. அரைத்த தேதி அதில் எங்கும் இல்லை.

வீட்டில் அரைக்கும்போது இந்த வயது நம் கையில் இருக்கிறது. நான் செய்வது இதுதான். சனிக்கிழமை மதியம் அரிசியையும், ஒரு தேக்கரண்டி வெந்தயம் சேர்த்த உளுந்தையும் தனித்தனியாக நாலு மணி நேரம் ஊற வைப்பேன். முதலில் உளுந்து. குளிர்ந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரை மணி நேரம் ஓட விடுவேன். ஒரு துளி மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மிதக்கவில்லையென்றால் இன்னும் ஐந்து நிமிடம். மிக்ஸியில் இவ்வளவு நேரம் ஓட்டினால் மாவு சூடேறிவிடும், அதனால்தான் கல் வேண்டும். அரிசியைக் கைவிரலில் மெல்லிய ரவை போல் தட்டுப்படும்போதே எடுத்துவிடுவேன். பிறகு உப்புப் போட்டு, இரண்டையும் கையால் கலந்து இரண்டு பாத்திரத்தில் பிரித்துவிடுவேன்.

ஒரு பாதி அன்றிரவு அடுப்பங்கரையிலேயே இருக்கும். சிங்கப்பூர் வெப்பத்துக்கு எட்டு மணி நேரமே அதிகம், விடிவதற்குள் பொங்கிவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றினால் வழியும். காலையில் கிளறாமல் மேலிருந்து கரண்டியால் அள்ளித் தட்டில் ஊற்ற வேண்டும். மற்ற பாதி புளிக்காமலே நேராகக் குளிர்பெட்டிக்குள் போகும். செவ்வாய் மாலை அதை எடுத்து வெளியே வைத்தால் புதன் காலைக்குப் புத்தம் புதிய மாவு. சில்லென்று இருப்பதால் இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். இதைப் பாக்கெட்டில் யாரும் தர முடியாது.

குறைகளும் உண்டு. கல்லையும் பாத்திரத்தையும் கழுவப் பதினைந்து நிமிடம் ஆகும். உளுந்து காய்ந்தால் சிமெண்ட் போல ஒட்டிக்கொள்ளும், உடனே கழுவியே ஆக வேண்டும். சத்தமும் இருக்கிறது. அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டுப் பகலில் மட்டும் ஓட்டுகிறேன், கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவருபவர்கள் மின்னழுத்தம் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இங்கும் 230 வோல்ட்தான். பிளக் மட்டும் மாற்ற வேண்டும்.

தனியாக இருப்பவர்களுக்கும், வாரத்தில் ஒருநாள் தோசை மட்டும் சுடுபவர்களுக்கும் கிரைண்டர் வேண்டாம் என்றே சொல்வேன். அரைத்த தேதியைக் கேட்டு, உப்பாத பையாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் வாரம் இருமுறை இட்லி தட்டு ஏறுகிறது என்றால் வாங்கிவிடுங்கள். என் மாமியார் ஊரிலிருந்து வந்தபோது, பாக்கெட் மாவு இட்லியில் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்பார். இம்முறை வந்தவர் நாலாவதற்குக் கை நீட்டினார்.