பால் அட்டையில் யார் பெயர்?

குடும்பத்துக்குள் ஆணாதிக்கமும் உழைப்புப் பிரிவினையும் என்று மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னால், முதல் பத்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. ஆண் வெளியே போய்ச் சம்பாதிக்கிறான், பெண் வீட்டுக்குள் சமைக்கிறாள். கோயம்புத்தூர் அடுக்குமாடி வீடுகளுக்கு இது ஓரளவு பொருந்தலாம். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளுக்குப் பொருந்தாது. இங்கே பெண்கள் எந்தக் காலத்தில் வீட்டுக்குள் மட்டும் இருந்தார்கள்? களை எடுப்பது, சோளத்தட்டு அறுப்பது, பால் கறப்பது எல்லாம் அவர்கள் வேலை. பள்ளிபாளையம், சோமனூர் பக்கம் போனால் தறிக்குத் தார் சுற்றுவதும் அவர்கள்தான்.

அதனால் நம் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் உள்ளே, வெளியே என்று பிரிப்பதை முதலில் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. பெண் செய்யும் வேலைகளில் எது வருமானமாகக் கணக்கில் ஏறுகிறது, யார் பெயரில் ஏறுகிறது என்று கேட்டால்தான் ஆணாதிக்கம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். அந்த அக்காவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். மேட்டுக்காடு மூன்று ஏக்கர். கறவையில் இரண்டு மாடு. கணவர் எண்ணெய் மில்லில் வேலை பார்க்கிறார். பையன் ஒருவன், கல்லூரி விடுதியில் ஒரு மகள், முட்டிவலியோடு மாமியார். "என்ன வேலை செய்யறீங்க அக்கா?" என்று கேட்டதற்கு, "வேலைக்கெல்லாம் போறதில்லீங் டீச்சர், ஊட்லதானுங்க இருக்கறேன்" என்றார்.

அப்படிச் சொன்னவர் எழுந்திருப்பது நாலரை மணிக்கு. சாணி அள்ளி, தொழுவத்தைக் கழுவி, தவிடும் புண்ணாக்கும் கலந்து தண்ணி காட்டி, பால் கறந்து முடிக்க ஆறேகால் ஆகிறது. மத்தியானம் தட்டு அறுத்து வந்து போட்டு, மாட்டை நிழல் மாற்றிக் கட்டுவது ஒன்றேகால் மணி நேரம். சாயங்காலம் மறுபடியும் ஒன்றரை. ஆக மாட்டுக்கு மட்டும் நாளைக்கு நாலரை மணி நேரம். கறந்த பாலைக் காலையில் கணவரும் சாயங்காலம் பையனும் வண்டியில் சொசைட்டிக்குக் கொண்டுபோகிறார்கள். போக வர இருவருக்கும் சேர்த்து 50 நிமிடம்.

சொசைட்டியில் ஊற்றுவது 12 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 12,600. வாங்கும் தீவனத்துக்கு 6,000 போனால் மிச்சம் 6,600. அக்காவின் உழைப்பு மாதம் 135 மணி நேரம், ஆண்கள் இருவருடையதும் சேர்ந்து 25. உறுப்பினர் அட்டையில் இருப்பது கணவர் பெயர். பணம் போய்ச் சேருவது அவருடைய வங்கிக் கணக்கில். கொழுப்பு அளவு குறைந்து விலை இறங்கும் அன்று மட்டும், "என்ன தீவனம் வெச்ச?" என்ற கேள்வி அக்காவிடம் வருகிறது. பொறுப்பு அவருக்கு, வரவு இவருக்கு.

"அவரும் மில்லில் மாடாய் உழைக்கிறாரே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதையும் எண்ணித்தான் ஆக வேண்டும். மில்லில் 8 மணி நேரம், பயணம் ஒரு மணி நேரம், சொசைட்டிக்கு ஒரு நடை. ஏறக்குறைய ஒன்பதரை. அக்காவுக்கு மாட்டு வேலை நாலரை, சமையலும் பாத்திரமும் துணியும் கூட்டிப் பெருக்குவதும் ஐந்து, மாமியாரைப் பார்ப்பது ஒன்று, காட்டு வேலை சராசரியாக இரண்டு. பன்னிரண்டரை. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாட்டுக்கு ஞாயிறு கிடையாது என்பதால் அக்காவுக்கும் கிடையாது. கணவர் குடிப்பவர் இல்லை, அடிப்பவர் இல்லை, ஊரில் நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தவர். நான் இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். கெட்ட கணவரை வைத்து எழுதினால் அது அவருடைய குணத்தைப் பற்றிய கட்டுரையாகிவிடும். நல்லவர் வீட்டிலும் மணிநேரமும் பெயரும் இப்படித்தான் பிரிகின்றன என்றால், அங்கே வேலை செய்வது ஓர் அமைப்பு.

இப்படி எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நம் நாட்டில் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஒருவருடைய ஒரு நாளை விடியற்காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை அரைமணி அரைமணியாகப் பிரித்து, என்ன செய்தார் என்று கேட்டு எழுதினார்கள். மாணவர்களும் இதையே பயன்படுத்தலாம். சில இடங்களில் கவனம் தேவை. கணவரை உட்காரவைத்து மனைவியின் நாளைக் கேட்காதீர்கள், "மாடு கண்ணு பாக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். "வேலை" என்ற சொல்லைக் கேள்வியில் போடாதீர்கள், சம்பளம் இல்லாததெல்லாம் விட்டுப்போகும். "நாலரைக்கு எழுந்தீங்க, அப்புறம்?" என்று போனால் போதும். அப்புறம், ஒரே அரைமணியில் அடுப்பில் பால் காய, மாமியாருக்கு மாத்திரை கொடுத்தபடி, பையனுக்குச் சோறு கட்டினால், மூன்றையும் எழுதுங்கள்.

அந்தக் கணக்கெடுப்பின் எண்களைக் கட்டுரைகளில் தவறாக எடுத்துப் போடுவதையும் பார்க்கிறேன். கூலியில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று எழுதுவார்கள். எண்கள் சரிதான். ஆனால் இது அந்த நாளில் வீட்டு வேலை செய்தவர்களுக்கு மட்டுமான சராசரி. செய்தவர்களோ பெண்களில் நூற்றுக்கு 81.2, ஆண்களில் 26.1. கையே வைக்காதவர்களையும் சேர்த்தால் பெண்ணுக்கு ஏறக்குறைய 243 நிமிடம், ஆணுக்கு 25. மூன்று மடங்கு வித்தியாசம் பத்து மடங்காகிறது. 97ஐ மட்டும் போட்டால், நம் ஆண்கள் ஒவ்வொருவரும் தினமும் ஒன்றரை மணி நேரம் வீட்டு வேலை செய்வதாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

எந்த அட்டவணையிலும் ஏறாத வேலை ஒன்று உண்டு. மாடு பருவத்துக்கு வந்ததைக் கண்டுபிடிப்பது. ராத்திரி கத்துகிறதா, தீனி குறைந்திருக்கிறதா, கோழை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் அறிகுறி தெரிந்தால் சாயங்காலத்துக்குள் சினை ஊசி போட ஆள் வர வேண்டும். தவறவிட்டால் அடுத்த பருவத்துக்குச் சுமார் 21 நாள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் மாட்டுக்குத் தீவனச் செலவு உண்டு, அடுத்த கன்றும் அடுத்த கறவையும் தள்ளிப்போகும். அக்கா பாத்திரம் தேய்க்கும்போதே மாட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதற்கு எத்தனை நிமிடம் என்று எழுதுவீர்கள்? நிமிடத்தில் எழுத முடியாது. அதனால் நேரக் கணக்கோடு, எதையெல்லாம் யார் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தனியாகக் கேட்டு எழுத வேண்டும். தீவனம் தீரும் நாள், குடற்புழு மருந்து, மாமியாரின் மாத்திரை, மகளின் விடுதிக் கட்டணம், பங்காளி வீட்டு மொய். அந்த வீட்டில் இவை எல்லாமே அக்காவின் தலைக்குள்தான்.

அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு இவரை எங்கே வைக்கும்? 92 என்ற குறியீடு வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு. குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுகிறவருக்கு 21. சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு 11. கணக்கெடுக்க வருகிறவர் "ஊட்லதானுங்க இருக்கறேன்" என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் 92. கொஞ்சம் துருவிக் கேட்டால் 21. உழைப்பையும் அறிவையும் வைத்துப் பார்த்தால் அந்தப் பால் தொழிலை நடத்துவதே அவர்தான், 11 என்று எழுத எல்லா நியாயமும் இருக்கிறது. உதவியாளர் என்று யாரையாவது எழுத வேண்டுமானால் வண்டி ஓட்டுகிறவர்களைத்தான் எழுத வேண்டும்.

சரி, அட்டையைப் பெண் பெயருக்கு மாற்றிவிட்டால் தீர்ந்துவிடுமா? மகளிர் பால் கூட்டுறவுச் சங்கங்களே இருக்கின்றன, மாற்றுவது நல்லதுதான். ஆனால் பாஸ்புக் மனைவி பெயரிலும் ஏடிஎம் கார்டு கணவரின் சட்டைப் பையிலும் இருக்கும் வீடுகள் எத்தனை! பெயர் யாருடையது, கார்டு யாரிடம், யாரையும் கேட்காமல் 2,000 ரூபாய் எடுத்துச் செலவு செய்ய முடியுமா என்று மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்.

இந்த அக்கா ஏன் மறுப்பதில்லை என்பதற்கு "பழகிவிட்டது", "பண்பாடு" என்று எழுதி முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது போதாது. பொருளியல் அறிஞர் பினா அகர்வால் வைக்கும் கேள்வி இங்கே உதவும்: இந்த வீட்டைவிட்டு வெளியே வர நேர்ந்தால் அவருக்கு என்ன மிஞ்சும்? மிஞ்சுவது குறையக் குறைய வீட்டுக்குள் பேரம் பேசும் பலமும் குறையும். தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989இல் வந்த திருத்தமே குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. அந்தச் சட்டங்களுக்குப் பிறகுதான் அக்காவின் கல்யாணம் நடந்தது. ஆனாலும் அப்பா இறந்தபின் தம்பி கூப்பிட, பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போய், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கேட்டால், "பங்கு கேட்டா பொறந்த ஊடு இல்லாம போயிருமுங்க" என்கிறார். சீரும் நல்லது கெட்டதுக்கு வந்து நிற்கும் தம்பியும் வேண்டும் என்றால் நிலத்தை விட வேண்டும். பிறந்த வீட்டு நிலத்தில் பெயர் இல்லை, புகுந்த வீட்டுப் பட்டாவில் பெயர் இல்லை, பால் அட்டையிலும் இல்லை. இப்படிப்பட்டவர் நாளை காலை நாலரைக்கு எழமாட்டேன் என்று எதை நம்பிச் சொல்வார்?

மாமியாரையும் இதற்குள் வைத்தே பார்க்க வேண்டும். சமூகவியலாளர் டெனிஸ் கண்டியோட்டி 1988இல் ஆணாதிக்கத்தோடு பெண்கள் செய்துகொள்ளும் பேரம் என்று ஒன்றை விளக்கினார். இளமையில் அடங்கி உழைத்தால் வயதான பிறகு மருமகள் மேல் அதிகாரம் கிடைக்கும் என்பதே அதன் சாரம். அந்த அம்மாவும் இதே தொழுவத்தில் சாணி அள்ளியவர்தான். அவருக்கு முதுமையில் இருக்கும் ஒரே சேமிப்பு மகன். "பொம்பள பணத்த வெச்சுட்டு என்ன பண்ணப் போறா" என்று அவர் சொல்வது அந்தச் சேமிப்பைக் காப்பாற்றத்தான்.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு சொந்த நிலமும் மாடும் உள்ள வீட்டுக்கானது. இதே தோட்டத்துக்குக் கூலிக்குக் களை எடுக்க வரும் தலித் பெண்ணுக்கு விட்டுக்கொடுக்க நிலமே இல்லை. நம் அக்கா தனக்கு முடியாத நாளில் தொழுவம் கழுவ அவரைத்தான் கூப்பிடுகிறார், கூலியைப் பேசுவதும் அக்காதான். அங்கே சாதியும் கூலியும் முதலில் வரும். இரண்டு வீடுகளையும் "பெண்கள்" என்ற ஒரே தலைப்பில் போட்டுக் குழப்பக் கூடாது.

2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், மனைவியின் வீட்டு உழைப்பும் கணவர் பெயரில் வாங்கிய சொத்துக்கான பங்களிப்புதான் என்று சொல்லி, சம பங்கு கொடுத்துத் தீர்ப்பளித்தது. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பங்கைப் பெற நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அந்த நிலைக்குப் போகாமல் வாழும் வீடுகளைப் பற்றித்தான் நாம் எழுதுகிறோம்.

இந்தப் பருவம் கட்டுரை எழுதும் என் மாணவர்களிடம் நேர அட்டவணையோடு வீட்டில் இருக்கும் நான்கு காகிதங்களையும் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். பட்டா, பால் அட்டை, பாஸ்புக், விடுதலைப் பத்திரம் இருந்தால் அது. நகலெல்லாம் வேண்டாம், யார் பெயர் என்று பார்த்து எழுதினால் போதும். மாணவிகளுக்குக் கூடுதலாக ஒரு கேள்வி: உன் அண்ணன் தம்பி நாளைக்குக் கையெழுத்துக் கேட்டால் போடுவாயா, ஏன்?