கட்டிய தவணைக்கு 26 நாள் தாமதமாம்!

மார்ச் 5 தவணைத் தேதி. அன்று காலையிலேயே வண்டிக்கடன் தவணை 3,870 ரூபாய் என் கணக்கிலிருந்து போய்விட்டது. பாஸ்புக்கில் வரி இருக்கிறது. ஆனால் கிரெடிட் ரிப்போர்ட்டில் எல்லா மாதமும் 000, மார்ச் 2024 கட்டத்தில் மட்டும் 026. அதாவது மாதக் கடைசிவரை நான் 26 நாள் கட்டாமல் இருந்தேனாம்! வீட்டுக்கடன் கேட்ட இடத்தில் அந்த ஒரு கட்டத்தில் விரலை வைத்து, "இது என்ன சார்?" என்று கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் கிரெடிட் பீரோவில், இது தவறு என்று ஆன்லைனில் டிஸ்ப்யூட் போட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு வரி பதில்: கடன் கொடுத்தவர் தகவல் சரி என்கிறார். அவ்வளவுதான். கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் பீரோ ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது, அது சட்டம். சரி என்று கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்தால், ரிப்போர்ட் பீரோ தயாரிப்பது, அங்கே கேளுங்கள் என்கிறார்கள். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் இதே பதில். தப்பான தகவலை அனுப்பியதே நீங்கள்தானே ஐயா!

அப்புறம்தான் கடன் கணக்கு ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பார்த்தேன். மார்ச் 5-ல் பிடித்த பணத்தை ஏப்ரல் 2-ல் வரவு வைத்திருக்கிறார்கள். தவறு அங்கே இருக்கிறது, பெயர் கெட்டது எனக்கு. இந்த ஸ்டேட்மென்ட்டை முதல் நாளே வாங்காமல் விட்டேனே என்று இப்போதும் ஆத்திரமாக வருகிறது. பாஸ்புக் பக்கம், கடன் ஸ்டேட்மென்ட், ரிப்போர்ட் மூன்றிலும் அந்த வரிகளை வட்டமிட்டு, பரிவர்த்தனை எண்ணோடு, "மார்ச் 2024: 026 என்பதை 000 என்று மாற்றி பீரோவுக்கு அனுப்புங்கள்" என்று கடன் கொடுத்த நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு ஜூன் 3-ல் எழுதினேன். பீரோவுக்கும் நகல். கடிதத்துக்குப் பிறகுதான் யாரோ அந்தக் கணக்கைத் திறந்தே பார்த்திருக்கிறார்கள். திருத்தம் வந்தது ஜூலை 20-ல். 47 நாள்!

30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும், இது 2024 ஏப்ரல் 26 முதல் ரிசர்வ் வங்கி நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி. 17 நாளுக்கு 1,700 ரூபாய். தானாகத் தந்தார்களா? இல்லை. ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in-ல் புகார் செய்வேன் என்று எழுதிய பிறகுதான் கணக்கில் ஏறியது. ஆனால் இதற்குள் அந்த வீட்டை வேறு ஒருவர் அட்வான்ஸ் கொடுத்து முடித்துவிட்டார். 1,700 ரூபாயை வைத்து நான் என்ன செய்ய?

நாட்டில் பீரோ நாலு. நேற்று இன்னொன்றில் வருடத்துக்கு ஒரு முறை தரும் இலவச ரிப்போர்ட்டை எடுத்தேன். மார்ச் 2024: 026. அப்படியே இருக்கிறது.