அம்புக்குறி போட்ட ஆடியோ எல்லாம் உங்கள் நிறுவனத்துக்கு அல்ல

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் ஆடியோ பெயருக்குப் பக்கத்தில் சாய்வாக மேலே போகும் ஒரு சின்ன அம்புக்குறி தெரியும். அதைப் பார்த்ததும் பிசினஸ் பக்கம் நடத்துகிற பாதிப்பேர் "Use audio" பொத்தானைத் தட்டிவிடுகிறார்கள். இப்போது நிறையப் பேர் இந்த ஆடியோவை எடுக்கிறார்கள் என்பது மட்டும்தான் அந்த அம்புக்குறிக்கு அர்த்தம். நீங்களும் எடுக்கலாம் என்று அது சொல்லவில்லை.

"ஆப்பிலேயே இருக்கே, அப்புறம் என்ன?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. ஆப்பில் இருக்கும் பாட்டுகளுக்காக இசை நிறுவனங்களோடு போட்டிருக்கிற ஒப்பந்தம் அடிப்படையில் தனிப்பட்ட பயன்பாட்டுக்கானது. வணிக நோக்கத்துக்குத் தனியாக உரிமம் வேண்டும் என்று மெட்டாவின் இசை விதிமுறையிலேயே இருக்கிறது. பிசினஸ் கணக்கில் தேடினால் பல பாட்டுகள் வராமல் போவதும் இதனால்தான். உடனே கணக்கை கிரியேட்டர் வகைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி ஆலோசனை தர ஒரு கூட்டம் இருக்கிறது. மாற்றினால் பாட்டுகள் திறக்கும், உண்மைதான். ஆனால் பார்க்கப்படுவது ரீல் எதற்காகப் போடப்பட்டது என்பது. பெயர்ப்பலகையைக் கழற்றி வைத்துவிட்டால் கடை வீடாகிவிடாது. ஏழு நொடிதான் எடுத்தேன், சத்தத்தைக் குறைத்து வைத்தேன், உரிமையாளர் பெயரைப் போட்டேன் என்பதெல்லாமும் அனுமதி ஆகாது.

இதில் அதிகம் பேர் விழுகிற குழி "Original audio". ஒருவர் சினிமாப் பாட்டைத் தன் போனில் ஓடவிட்டு வீடியோ எடுத்துப் போடுகிறார். ஆப் அதைப் பாட்டு என்று கண்டுபிடிக்காமல் விட்டால், அவர் பெயரிலேயே Original audio என்று பதிவாகிவிடும். பிசினஸ் கணக்கிலும் அது திறக்கும். பாட்டுத் தேடலில் கிடைக்காதது இங்கே கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்படுகிறோம். பிறகு ஒருநாள் கணினி அந்தப் பாட்டை அடையாளம் கண்டதும், அதைப் பயன்படுத்திய ரீல்கள் மொத்தமாக ஊமையாகிப் போகும். அதனால் ஆடியோ பெயரைத் தட்டி, அந்த ஆடியோவின் பக்கத்துக்குள் போய், முதலில் போட்டவரின் வீடியோவை இயர்போன் மாட்டிக் கேளுங்கள். பேச்சுக்கு அடியில் மெல்லிசாக ஒரு பாட்டு ஓடுகிறதா? படத்தின் வசனமா? இரண்டில் எதுவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். உண்மையிலேயே ஒருவரின் சொந்தக் குரல்தான் என்றால், அந்தக் குரலின் உரிமை அவருடையது. அவருக்கே மெசேஜ் அனுப்பி, எந்தக் கணக்கில், எந்த ரீலுக்கு, காசு கொடுத்து விளம்பரப்படுத்தினாலும் சரியா என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கி, அந்த உரையாடலைச் சேமித்து வையுங்கள்.

பெரிய நிறுவனங்களே இதில் மாட்டியிருக்கின்றன. பேங் எனர்ஜி பானத்தின் நிறுவனம் விளம்பர வீடியோக்களில் பாட்டுகளை அனுமதியின்றிப் பயன்படுத்தியது பதிப்புரிமை மீறல் என்று 2022இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் மேரியட் ஹோட்டல் நிறுவனத்தின் மீது சோனி மியூசிக் போட்ட வழக்கில் சொல்லப்பட்ட மீறல்கள் 931. சின்னப் பக்கத்தை யார் கவனிக்கப்போகிறார்கள் என்பதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் சின்னப் பக்கத்துக்கு வழக்கு வேண்டியதில்லை, ஊமையான ரீலே நஷ்டம்தான்.

அப்படியானால் டிரெண்டையே தொடக்கூடாதா? தொடலாம். ஒரு டிரெண்டில் ஒலியும் இருக்கிறது, அதைச் சுற்றி ஓர் அமைப்பும் இருக்கிறது. ஒலிக்குத்தான் உரிமையாளர் இருக்கிறார். நாலு நொடி எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டு, பீட் விழுகிற இடத்தில் காட்சியைப் புரட்டிப்போடுவது யாருக்கும் சொந்தமில்லாத உத்தி. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சோபா சுத்தம் செய்து தருகிற ஒரு நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். டிரெண்டில் இருக்கிற ஆடியோ 12 நொடி. நாலாவது நொடி முடிகிற இடத்தில் பீட் விழுகிறது. அதற்குப் பிறகு 6 நொடிக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று விரலால் தட்டி எண்ண வேண்டும். வந்ததைப் பத்தால் பெருக்கிக்கொள்ளலாம். 12 தட்டு வந்தால் நிமிடத்துக்கு 120, அதாவது தட்டுக்கு அரை நொடி. இப்போது மெட்டா தன் தளங்களில் பயன்படுத்தத் தருகிற இசைத் தொகுப்பான Sound Collection போய், கிட்டத்தட்ட அதே வேகத்தில், பாடல் வரி இல்லாத ஒரு துள்ளல் இசையைத் தேடுங்கள். அதில் பலமாக விழுகிற ஓர் இடத்தைக் குறித்து, அதற்கு 8 தட்டு முன்னால் ரீலைத் தொடங்குங்கள். அந்த நாலு நொடியும் கறை படிந்த துணியின் நெருக்கமான ஒரே ஷாட். பீட் விழும்போது அதே கோணத்தில் சுத்தமான துணி. அதையும் சேர்த்து இரண்டு தட்டுக்கு ஒரு ஷாட்டாக எட்டு ஷாட் போனால் மீதி எட்டு நொடி நிரம்பிவிடும். வேகம் 118 அல்லது 122 ஆக இருந்தாலும் கவலையில்லை, வெட்டை இசையின் தட்டில் வையுங்கள், கடிகாரத்தில் வைக்காதீர்கள். கோணம் கொஞ்சம் மாறினாலும் "புரட்டல்" புரியாமல் போய்விடும். ட்ரைபாடை நகர்த்தாமல் இருப்பதில்தான் இந்த ரீலின் உயிர் இருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். Sound Collection இசை மெட்டாவின் தளங்களுக்குத்தான். டிக்டாக்கில் பிசினஸுக்கென்று Commercial Music Library தனியாக இருக்கிறது. ஓரிடத்தில் எடிட் செய்ததை ஒலியோடு இறக்கி இன்னோரிடத்தில் ஏற்றினால் உரிமம் கூடவே வராது. "ராயல்டி ஃப்ரீ" என்று வெளியில் வாங்குகிற இசைக்கும் இதே கதைதான். அங்கே விளம்பரப் பயன்பாடு சேர்த்தியா என்று உரிமத்தைப் படித்துப் பார்க்காமல் போடக்கூடாது.

உரிமை சரியாக இருந்தாலும் தொனி கவிழ்த்துவிடும். இதற்கு நான் ஒரே கேள்விதான் வைப்பேன்: இந்த டிரெண்டில் முட்டாளாக நிற்பது யார்? பெரும்பாலான காமெடி ஆடியோக்களில் யாராவது ஒருவர் ஏமாறுவார், திட்டு வாங்குவார், பயந்து ஓடுவார். அந்த இடத்தில் நிறுவனம் நின்றால் பார்ப்பவர் சிரிப்பார். வாடிக்கையாளரை நிறுத்தினால் அவர் மனதில் அது தங்கிவிடும். பல் மருத்துவமனை ஒன்று, அலறி ஓடுகிற ஆடியோவை நோயாளிக்குப் பொருத்தினால், ஏற்கெனவே பயந்துபோய் வருகிறவரைக் கேலி செய்கிறது. அதே அலறலை, சனிக்கிழமை மாலை அப்பாயின்ட்மென்ட் பட்டியலைப் பார்க்கும் வரவேற்பு மேசை ஊழியருக்குப் பொருத்தினால் யாருக்கும் வலிக்காது.

பாட்டு வரி என்றால், டிரெண்டான அந்த ஒரு வரியோடு நிற்காமல் முன்னும் பின்னும் இருக்கிற வரிகளையும் கேளுங்கள். காப்பீடு விற்கிறவர் எடுத்த இனிமையான வரி, முழுப் பாட்டில் பிரிவுத் துயரமாக இருந்து, கமெண்டில் யாராவது மிச்சத்தை எழுதிவிட்டுப் போவார். அதே ஆடியோவில் மேலே நிற்கும் பத்து ரீல்களையும் அவற்றின் கமெண்டுகளையும் படித்தால், அது இப்போது கேலிக்கா, சோகத்துக்கா, யாரையோ அவமானப்படுத்தவா என்பது தெரிந்துவிடும். டிரெண்டின் அர்த்தம் வாரத்துக்கு வாரம் மாறும். போன மாதம் சேமித்து வைத்ததை இன்று போடுவதற்கு முன் இன்னொருமுறை பாருங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ரீல் போட்ட பிறகு "Boost" தட்டிப் பாருங்கள், காசு கட்ட வேண்டியதில்லை. பதிப்புரிமை உள்ள இசை என்று மறுத்தால், அந்த ஆடியோவை உங்கள் பக்கத்தில் வைத்திருக்கக் கூடாது என்பதற்கு அது போதும். மறுக்கவில்லை என்பதற்காக உரிமம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. எந்த ரீலுக்கும் இசை சேர்க்காத பிரதி ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். ஊமையான நாளில் இன்னோர் இசை போட்டு மறுபடி ஏற்ற அது இருக்கும். பழைய வியூஸும் கமெண்டும்தான் கூட வராது.