அந்த 1 கிலோ தசையா, தண்ணீரா?

"உடற்பயிற்சிக்கு ரப்பர் பேண்ட் மட்டும்தான் வச்சிருக்கேன். கிரியேட்டின் எடுத்து ரெண்டே வாரத்தில் தசை 1 கிலோ கூடிடுச்சுன்னு தராசு காட்டுது, நம்பலாமா?"

தம்பி, அதில் பெரும்பகுதி தண்ணீர். கிரியேட்டின் தசைக்குள் சேரும்போது தண்ணீரையும் கூடவே இழுத்து வைக்கும், தசை அளவு காட்டும் வீட்டுத் தராசு அதையும் தசைக் கணக்கில்தான் சேர்க்கும். தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தால் சுமார் நான்கு வாரத்தில் தசை நிரம்பிவிடும், அந்தத் தண்ணீர் எடையும் அங்கேயே நின்றுவிடும். அதனால் அன்றைய எடையைக் குறித்து வைத்து, அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

ஆனால் பேண்டில் எதை எண்ணுவது என்பதுதான் சிக்கல், ஏனென்றால் எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவுதான் இழுவை. நான் ஜெலுத்தோங் வீட்டில் கிரில் கதவில் பேண்டை மாட்டி, நிற்கும் டைல்ஸில் டேப் ஒட்டி, எப்போதும் அதே கோட்டில் நின்றுதான் இழுப்பேன். அரை அடி முன்னால் வந்தாலே நாலைந்து தடவை சும்மாவே கூடும். முதல் மாதம் எடை 1.2 கிலோ ஏறியும் எண்ணிக்கை 12-ஐத் தாண்டவில்லை. பத்தாவது வாரம் 18 வந்தது, ஒரே சந்தோஷம்! அப்புறம் பார்த்தால் பேண்டில் பொடி வெடிப்பு, ரப்பர் தளர்ந்திருந்தது. அதே ரகத்தில் புதிது வாங்கி இழுத்தேன், 15. 12-லிருந்து கூடிய அந்த மூன்றுதான் நிஜ முன்னேற்றம்.

இன்னொன்று, 25 தடவை இழுத்தும் கை சோரவில்லை என்றால் அடுத்த தடிமனுக்கு மாறுங்கள். தசையைக் களைப்பின் எல்லை வரை கொண்டுபோகாத பயிற்சியில் கிரியேட்டினுக்கு அதிகம் வேலை இல்லை.