சாத்திய உலகங்களைவிட முக்கியம், அவற்றுக்கிடையே உள்ள அம்புகள்

அவசியம், சாத்தியம் என்பவற்றை ஆராயும் மோடல் தர்க்கத்தைப் பற்றித் தமிழில் யாராவது எழுதினால் ஆர்வத்தோடு படிப்பேன். ஆனால் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது: "எல்லாச் சாத்திய உலகங்களிலும் உண்மையாக இருப்பது அவசியம், ஏதாவது ஓர் உலகத்தில் உண்மையாக இருந்தால் அது சாத்தியம்." அடுத்த பத்தியிலேயே அந்த உலகங்கள் நிஜமா கற்பனையா என்ற விவாதத்துக்குப் போய்விடுவார்கள். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. அந்த வாக்கியம் பாதிக் கதைதான். விட்டுப்போன மறுபாதியில்தான் இந்தத் துறையின் உயிர் இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1932-இல் தர்க்கவியலாளர்கள் சி. ஐ. லூயிஸும் லாங்ஃபோர்டும் அவசியத்துக்கான தர்க்க அமைப்புகளை S1 முதல் S5 வரை ஐந்தாக வரிசைப்படுத்தினார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு விதிகளை ஏற்கிறது. S4-இல் "ஒன்று அவசியம் என்றால், அது அவசியம் என்பதே அவசியம்" என்ற விதி உண்டு. குறியீட்டில் □p → □□p; p என்பது ஏதாவது ஒரு கூற்று, □ என்ற பெட்டி அவசியத்தைக் குறிக்கும். S5 அதற்கும் மேலே போய், "ஒன்று சாத்தியம் என்றால், அது சாத்தியம் என்பதே அவசியம்" என்கிறது. இவற்றில் எது சரி? வெறும் குறியீடுகளை எவ்வளவு நேரம் பார்த்தாலும் பதில் வராது. இரண்டு பெட்டி அடுத்தடுத்து வரும்போது அதற்கு என்ன பொருள் என்றே தெரியாமல் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது?

அந்தப் பொருளைக் கொடுத்த தர்க்கவியலாளர் சால் கிரிப்கேயின் முதல் கட்டுரை 1959-இல் வந்தது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. எல்லோரும் வியப்பது அந்தக் கட்டுரையைத்தான். ஆனால் அதில் இருந்தது உலகங்களின் தொகுப்பு மட்டும். அவசியம் என்றால் எல்லா உலகத்திலும் உண்மை, அவ்வளவுதான். அது S5-க்கு மட்டுமே பொருந்தும். என் பார்வையில் 1963-இல் அவர் வைத்த அடிதான் பெரியது. உலகங்களுக்கு நடுவே ஓர் உறவைச் சேர்த்தார்: இந்த உலகத்திலிருந்து எந்தெந்த உலகங்கள் எட்டக்கூடியவை என்று சொல்லும் உறவு. அம்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது □p என்றால் "இங்கிருந்து அம்பு போகும் எல்லா உலகங்களிலும் p". சாத்தியத்தைக் குறிக்கும் ◇p என்றால் "அப்படி ஓர் உலகத்திலாவது p". காங்கர், ஹின்டிக்கா போன்ற தர்க்கவியலாளர்களும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஒரு மாற்றத்தால் என்ன கிடைத்தது என்பதை ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். □ என்பதை "எனக்குத் தெரியும்" என்று படியுங்கள். கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை எண்ணாமல் கண்ணாலேயே மதிப்பிடுகிறேன். உண்மையில் இருப்பவர்கள் 300 பேர். என் கண்ணுக்கு 20 பேர் முன்னே பின்னே வித்தியாசம் தெரியாது. ஆகவே 300 பேர் இருக்கும் உலகத்திலிருந்து 280 முதல் 320 வரையுள்ள எல்லா உலகங்களுக்கும் அம்பு போகிறது. எந்த எண்ணாக இருந்தாலும் இதே கதைதான், இருபுறமும் இருபது.

p என்பது "குறைந்தது 280 பேர் இருக்கிறார்கள்". 300-இலிருந்து அம்பு போகும் இடமெல்லாம் p உண்மை. அதனால் □p சரி. 280-க்குக் குறையாது என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்குத் தெரியுமா? அதற்கு அம்பு போகும் ஒவ்வோர் உலகத்திலும் □p நிற்க வேண்டும். 290-க்குப் போய்ப் பாருங்கள். அங்கிருந்து 270 வரை அம்பு போகிறது, 270-இல் p பொய். ஆக 290-இல் □p விழுந்துவிடுகிறது. 300-இலிருந்து 290-க்கு அம்பு இருப்பதால் 300-இல் □□p-யும் விழுந்துவிடுகிறது. எனக்குத் தெரியும்; ஆனால் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

ஏன் விழுந்தது என்பதுதான் அழகு. 300-இலிருந்து 290-க்கு அம்பு உண்டு, 290-இலிருந்து 270-க்கும் உண்டு, ஆனால் 300-இலிருந்து நேராக 270-க்குக் கிடையாது. இரண்டு தாவலில் போகிற இடத்துக்கு எப்போதும் ஒரே தாவலிலும் போக முடிந்தால், அப்படி உலகங்களும் அம்புகளும் வரைந்த எந்த மாதிரியிலும் □p → □□p பொய்க்காது. அப்படிப் போக முடியாத இடம் ஒன்று இருந்தாலும், p-ஐத் தக்கபடி தேர்ந்தெடுத்து விதியை உடைத்துவிடலாம். லூயிஸின் அமைப்புகளில் எது சரி என்ற மங்கலான சண்டை, உங்கள் அம்புகள் எப்படிப்பட்டவை என்ற தெளிவான கேள்வியாக மாறிவிட்டது. தத்துவவாதி டிமோத்தி வில்லியம்சன் அறிவின் எல்லைகளைப் பற்றி வாதிடும்போது இந்த மாதிரியான அமைப்பைத்தான் பயன்படுத்துகிறார்.

சரி, □ என்பதைக் கடமை என்று படித்தால்? "வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டும்" என்பதிலிருந்து "திருப்பித் தந்தாயிற்று" என்று வராது. அதாவது □p → p என்ற விதி இங்கே கூடாது. அம்பு மொழியில்: ஓர் உலகத்திலிருந்து அதற்கே அம்பு திரும்பி வர வேண்டிய கட்டாயம் இல்லை. கடமைகள் எல்லாம் நிறைவேறிய உலகங்களுக்கு மட்டும்தான் அம்பு. நம் உலகம் அந்தக் கூட்டத்தில் இல்லை என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பலர் வழுக்கி விழும் இடமும் இங்கேதான். எங்குமே அம்பு போகாத உலகத்தில் என்ன நடக்கும்? போகும் இடமே இல்லாததால் "போகும் இடமெல்லாம் p" என்பது தானாகவே உண்மையாகிவிடும். □p உண்மை, p-யின் மறுப்புக்கான □¬p-யும் உண்மை, எதுவுமே சாத்தியமில்லை! கடனைத் திருப்பித் தருவதும் கடமை, தராமலிருப்பதும் கடமை என்றாகிவிடும். உங்கள் மாதிரியில் □p உண்மையாகவும் ◇p பொய்யாகவும் ஓரிடத்தில் வந்தால், அது இப்படிப்பட்ட முட்டுச்சந்து என்று உடனே புரிந்துகொள்ளலாம். கடமைத் தர்க்கத்தில் ஒவ்வோர் உலகத்திலிருந்தும் ஓர் அம்பாவது இருக்க வேண்டும் என்று தனியாக நிபந்தனை போடுவது இதைத் தடுக்கத்தான்.

இவ்வளவையும் விட்டுவிட்டு "அந்த உலகங்கள் எங்கே இருக்கின்றன" என்று கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. இன்னொரு லூயிஸான தத்துவவாதி டேவிட் லூயிஸ் அவை நம் உலகத்தைப் போலவே நிஜம் என்று வாதிட்டார். அது ஆழமான வாதம், மறுக்கவில்லை. ஆனால் மேலே போட்ட கணக்கில் உலகம் என்பது வெறும் புள்ளிதான். கிரிப்கேயே, சாத்திய உலகங்கள் தொலைநோக்கி வைத்துக் கண்டுபிடிக்கிற விஷயம் அல்ல, நாம் வகுத்துக்கொள்பவை என்றுதான் சொன்னார்.

அம்புகளுக்கும் எல்லை உண்டு. "எந்த உலகத்திலிருந்தும் அதற்கே அம்பு கிடையாது" என்பதை எந்த மோடல் சூத்திரத்தாலும் சொல்ல முடியாது. ஒரே உலகம், அதிலிருந்து அதற்கே ஓர் அம்பு என்று வையுங்கள். பக்கத்தில் 0-இலிருந்து 1-க்கு, 1-இலிருந்து 2-க்கு என்று முடிவில்லாமல் போகும் சங்கிலி ஒன்று. அதில் எதுவும் தனக்கே திரும்பவில்லை. எந்தக் கூற்று உண்மை, எது பொய் என்ற அந்த ஒற்றை உலகத்தின் செய்திகளையே சங்கிலியின் எல்லாப் புள்ளிகளிலும் எழுதிவிடுங்கள். எத்தனை □, ◇ போட்டுச் சூத்திரம் எழுதினாலும் இரண்டிலும் ஒரே விடைதான் வரும், ஏனென்றால் சூத்திரம் அம்பு வழியே நகர்ந்து அங்குள்ள செய்தியைப் படிக்கிறதே தவிர, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோமா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டுமானால் உலகங்களுக்குப் பெயர் வைக்க வேண்டும். ஹைபிரிட் தர்க்கம் அதைத்தான் செய்கிறது: i என்பது ஒரே ஓர் உலகத்தின் பெயர் என்றால், i → ¬◇i என்று எழுதினால் வேலை முடிந்தது.